கால அட்டவணையில் சிவப்பே வரவில்லை என்று நம்பி நான் பட்ட பாடு

பள்ளி திறந்த முதல் நாள், மூன்றாம் பாடவேளைக்கு மணி அடித்துப் பத்து நிமிடம் இருக்கும். ஆய்வக வாசலில் இரண்டு வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். இரண்டு வரிசையின் முன்னாலும் ஒரே அறிவியல் ஆசிரியை. கையில் நான் அச்சடித்துக் கொடுத்த அட்டவணை. என்னைப் பார்த்துக் கோபப்படக்கூட இல்லை, "நான் எந்த வரிசைக்குப் போகட்டும் சார்?" என்று கேட்டார். அந்த அட்டவணைக்கு நான் பதினோரு மாலைகளைச் செலவழித்திருந்தேன். அன்று மாலைக்குள் இதே மாதிரி இன்னும் நான்கு இடங்கள் தெரியவந்தன. அடுத்த நான்கு நாட்கள் தினமும் காலையில் ஒரு திருத்தம் ஒட்டினோம். மூன்றாம் நாளுக்குப் பிறகு அறிவிப்புப் பலகையை யாருமே நம்பவில்லை. நேராக என் மேசைக்கே வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த வேலை என் தலையில் விழுந்த கதை சின்னது. முன்பு செய்துகொண்டிருந்தவர் மாறுதலாகிப் போய்விட்டார், எனக்குக் கொஞ்சம் எக்செல் தெரியும், அவ்வளவுதான். ஆறு முதல் பதினொன்று வரை ஒவ்வொன்றிலும் இரண்டு பிரிவு, ஆக 12 பிரிவுகள். வாரம் 5 நாள், நாளுக்கு 8 பாடவேளை. மொத்தம் 480 கட்டங்கள், 21 ஆசிரியர்கள். எல்லோரும் செய்வதுபோல நானும் வகுப்புக்கு ஒரு தாள் திறந்து, இடப்பக்கம் நாள், மேலே பாடவேளை என்று கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் பாடத்தையும் ஆசிரியர் பெயரையும் சேர்த்து எழுதினேன். இரட்டைப் பாடவேளை என்றால் இரண்டு கட்டத்தை ஒன்றாக இணைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மோதல் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் பன்னிரண்டு தாளையும் மாறி மாறித் திறந்து கண்ணால் தேட வேண்டியிருந்தது. ஒரு கட்டத்தை மாற்றினால் மறுபடி பன்னிரண்டு தாள். ஏழாவது மாலைக்குப் பிறகு நான் உண்மையில் எதையும் சரிபார்க்கவில்லை, சரிபார்ப்பதுபோல உருட்டிக்கொண்டிருந்தேன். இதை இப்போதுதான் ஒப்புக்கொள்ள முடிகிறது.

முதல் நாள் அவமானத்துக்குப் பிறகு இரவு உட்கார்ந்து யோசித்தபோது புரிந்தது இதுதான்: கட்டம் என்பது படிப்பதற்கான வடிவம். கணினி எண்ணிப் பார்க்க அது உதவாது. எண்ண வேண்டுமென்றால் ஒரு வகுப்பின் ஒரு பாடவேளைக்கு ஒரு வரி என்று நீளமான பட்டியலாக வேண்டும். அதனால் 'பட்டியல்' என்று ஒரே தாள் திறந்தேன். A-யில் நாள், B-யில் பாடவேளை எண், C-யில் வகுப்பு, D-யில் பாடம், E-யில் ஆசிரியர், F-இல் அறை. மோதலைச் சொல்லும் சூத்திரத்தை J-யில் வைத்தேன். நடுவில் மூன்று நெடுவரிசை சும்மா கிடந்தது. அது பின்னால் எப்படி நிரம்பியது என்று சொல்கிறேன். இணைத்த கட்டம் எதுவும் கூடாது. இரட்டைப் பாடவேளை என்றால் இரண்டு வரி. அதை "3-4" என்று ஒரே வரியில் எழுதிவிட்டால், நான்காவது பாடவேளையில் அதே ஆசிரியருக்கு வேறு வகுப்பு இருந்தாலும் கணினிக்கு "3-4" வேறு, "4" வேறு. மோதல் தெரியவே தெரியாது.

சூத்திரம் எளிமையானதுதான். இதே நாள், இதே பாடவேளை, இதே ஆசிரியர் என்று பட்டியலில் எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணி, அதில் இந்த வரியைக் கழித்துவிடுவது. மிச்சம் பூஜ்யம் என்றால் நல்லது, ஒன்றோ அதற்கு மேலோ என்றால் மோதல்.

```
=IF(E2="","",COUNTIFS($A$2:$A$481,A2,$B$2:$B$481,B2,$E$2:$E$481,E2)-1)
```

அறைக்கும் இதுவே. E இருக்கும் இடத்திலெல்லாம் F போட்டு K-யில் வைத்தேன். எண்ணைச் சிவப்பாக்க நிபந்தனை வடிவமைப்பில் முதலில் `=$J2>0` என்று கொடுத்தேன். ஆசிரியர் காலியாக இருந்த வரிகளும் சேர்ந்து சிவந்தன. காரணம், அங்கே இருப்பது வெற்று எழுத்து, எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டால் எழுத்தே பெரிது என்று எக்செல் எடுத்துக்கொள்ளும். `=N($J2)>0` என்று மாற்றியதும் சரியானது.

480 வரியையும் தட்டி முடிக்க இரண்டு இரவு ஆனது. முடித்ததும் ஒன்பது இடம் சிவந்தது. எனக்கோ ஏதோ புதையல் கிடைத்த சந்தோஷம். பிறகு ஒன்று உறைத்தது. மோதல் என்றால் குறைந்தது இரண்டு வரி சம்பந்தப்பட்டிருக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும், இரண்டும் சிவக்க வேண்டும். அப்படியிருக்க ஒன்பது வரியும் ஜோடி இல்லாமல் தனித்தனியாகச் சிவந்திருந்தன. நான் முதலில் எழுதிய சூத்திரத்தில் டாலர் குறி போட மறந்திருந்தேன். மேலே இருப்பது திருத்திய பிறகு உள்ளது. டாலர் இல்லாமல் கீழே இழுத்தால் எல்லையும் கூடவே நகரும். இரண்டாம் வரியில் 2 முதல் 481 வரை பார்ப்பது, நூறாம் வரியில் 100 முதல் 579 வரை பார்க்கும். மேலே இருப்பவனுக்குக் கீழே இருப்பவன் தெரிவான், கீழே இருப்பவனுக்கு மேலே இருப்பவன் தெரியமாட்டான். அதனால்தான் ஜோடியில் முதல் வரி மட்டும் சிவந்தது. உங்கள் தாளில் சிவப்பு ஒற்றையாக நின்றால் வேறெங்கும் தேடாதீர்கள், முதலில் டாலர் குறியைப் பாருங்கள்.

டாலர் போட்டதும் ஜோடிகள் வந்துவிட்டன. ஆனால் முதல் நாள் ஆய்வக வாசலில் நின்ற அதே ஆசிரியையின் மோதல் மட்டும் பட்டியலில் வரவே இல்லை! செவ்வாய் மூன்றாம் பாடவேளை, 7ஆ, 9அ, இரண்டிலும் அவர் பெயர் கண்ணெதிரே இருக்கிறது. J-யில் இரண்டுக்கும் பூஜ்யம். பின்னால் ஒட்டிய இடைவெளி இருக்குமோ என்று அழித்துப் பார்த்தேன். இல்லை. அன்று இரவு பன்னிரண்டு மணி வரை இதிலேயே போனது. அவர் பெயர் கௌரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கட்டத்துக்கும் `LEN` போட்டுப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. ஒன்றில் 4, இன்னொன்றில் 5. ஒன்றில் 'க'வுடன் ஔகாரக் குறி சேர்ந்த கௌ. மற்றொன்றில் 'கெ' தட்டி, பக்கத்தில் 'ள' தட்டிய கெள. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கணினிக்கு இரண்டு வேறு ஆள். நான் தட்டியது ஒன்று, இன்னொரு ஆசிரியர் அனுப்பிய குறுஞ்செய்தியிலிருந்து நகலெடுத்து ஒட்டியது மற்றொன்று. பெயர் கௌ, சௌ என்று தொடங்கும் யாராவது உங்கள் பள்ளியில் இருந்தால் இந்த ஒரு சங்கதிக்காகவே நீங்கள் என்னை நினைத்துக்கொள்வீர்கள்.

அன்றிலிருந்து பெயரை வைத்து எதையும் ஒப்பிடுவதில்லை. 'ஆட்கள்' என்று ஒரு தாளில் T01 முதல் T21 வரை குறியீடும் எதிரே பெயரும், அதேபோல அறைகளுக்கு R01, R02. பட்டியலில் குறியீடு மட்டும், அதுவும் தட்டாமல் கீழிறங்கு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பது. இதிலும் ஒரு ஓட்டை உண்டு. வேறெங்கிருந்தாவது நகலெடுத்து ஒட்டினால் அந்தக் கட்டுப்பாட்டைத் தாண்டி எதுவும் உள்ளே வந்துவிடும். ஆகவே ஆட்கள் தாளில் இல்லாத குறியீடு எத்தனை வரியில் இருக்கிறது என்று எண்ணும் ஒரு கட்டத்தையும் மேலே வைத்தேன்.

அடுத்த தொல்லை நேர் எதிரானது. மோதலே இல்லாத இடம் சிவந்தது. எங்கள் பள்ளியில் 9அ, 9ஆ இரண்டையும் சேர்த்து ஒரே ஆசிரியர் மைதானத்தில் உடற்கல்வி எடுப்பார். வரி இரண்டு, ஆள் ஒருவர், இடம் ஒன்று. சூத்திரத்தின் கண்ணுக்கு அது அப்பட்டமான மோதல். வகுப்பை "9அ+9ஆ" என்று ஒரே வரியாக எழுதிவிடலாமே என்று செய்து பார்த்தேன். சிவப்பு போனது, கூடவே 9அ-வுக்கு அந்த நேரம் காலி என்று நினைத்து அதில் கணிதத்தையும் போட்டுவிட்டேன். வரி இரண்டாகவே இருக்க வேண்டும். சேர்ந்து நடக்கும் வகுப்பு என்று கணினிக்குச் சொல்ல மட்டும் ஒரு வழி வேண்டும். சும்மா கிடந்த G நெடுவரிசையில் 'சேர்ப்பு' என்று தலைப்பிட்டு, சேர்ந்து நடக்கும் வரிகளுக்கு S1, S2 என்று பொதுக் குறி கொடுத்தேன். சூத்திரத்தில் 1 கழித்த இடத்தில், சேர்ப்புக் குறி இருந்தால் அதே குறியுள்ள வரிகள் எத்தனையோ அத்தனையையும் கழிக்கச் சொன்னேன். S1 வரிகள் இரண்டும் ஒன்றையொன்று மன்னித்துவிடும், ஆனால் அதே நேரத்தில் அந்த ஆசிரியருக்கு மூன்றாவதாக ஒரு வகுப்பு விழுந்தால் சிவக்கும். இதில் ஒரு சபலம் இருக்கிறது, நானே விழுந்தேன். இரவு வெகுநேரமாகி, தீர்க்க முடியாத ஒரு சிவப்பு மிச்சமிருந்தபோது, அந்த இரண்டு வரிக்கும் S9 என்று போட்டு வாயை அடைத்துவிட்டுத் தூங்கப் போனேன். மூன்று நாள் கழித்து அது வகுப்பறையில் வெடித்தது. இப்போது எந்தெந்தச் சேர்ப்பு எதற்காக என்று தனித்தாளில் எழுதாமல் G-யில் கை வைப்பதில்லை.

இத்தனையும் ஆன பிறகு தாள் முழுக்கப் பூஜ்யம். பெருமையாக அச்சடித்து ஒட்டினேன். மறுநாளே கணித ஆசிரியர் ஒருவர் வந்தார். "சார், நான் பத்தாம் வகுப்பை விட்டு வர்றதுக்குள்ள ஏழாம் வகுப்புல பத்து நிமிஷம் போயிடுது. பசங்க கத்திக்கிட்டே இருக்காங்க" என்றார். இதுதான் எல்லாவற்றிலும் என்னை அதிகம் வெட்கப்படவைத்தது, ஏனென்றால் மணி அடிக்கும் முறை எனக்குத் தெரியாததல்ல. ஆறு முதல் எட்டு வரை ஒரு பாடவேளை 40 நிமிடம், ஒன்பது முதல் மேலே 45 நிமிடம். இரு தரப்பும் 9:00 மணிக்குத் தொடங்கும். கீழ் வகுப்பின் மூன்றாம் பாடவேளை 10:20 முதல் 11:00 வரை. மேல் வகுப்பின் இரண்டாம் பாடவேளை 9:45 முதல் 10:30 வரை. ஆக 10:20-இலிருந்து 10:30 வரை அவர் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். என் சூத்திரமோ 2-ஐயும் 3-ஐயும் ஒப்பிட்டு, வேறு வேறு எண்தானே என்று விட்டுவிட்டது.  கடைசிப் பாடவேளைகளில் இரு தரப்புக்கும் நேரம் இன்னும் அதிகமாக விலகிவிடுகிறது. 

பாடவேளை எண் என்பது மணிக்கு வைத்த பெயர்தான். மோதுவது நேரம். இரண்டு வகுப்புகள் மோதுகின்றனவா என்று பார்க்க ஒரே கேள்விதான்: ஒன்று முடிவதற்குள் மற்றொன்று தொடங்குகிறதா, அதே சமயம் அது தொடங்கிய பிறகுதான் மற்றொன்று முடிகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் மோதல். இதற்காக H-இல் தொடக்கம், I-யில் முடிவு வைத்தேன். நேரத்தை 10:20 என்று எழுதாமல், நள்ளிரவிலிருந்து எத்தனை நிமிடம் என்று முழு எண்ணாக எழுதினேன். 10:20 என்றால் 620. காரணம் இருக்கிறது. விரிதாள் நேரத்தை ஒரு நாளின் பின்னமாக வைத்துக்கொள்கிறது. 620-ஐ 1440-ஆல் வகுத்தால் முடியாத தசமம். அதன் கடைசி இலக்கத்தில் மயிரிழை வேறுபாடு வந்தாலும், 10:20-க்கு முடியும் வகுப்பும் 10:20-க்குத் தொடங்கும் வகுப்பும் மோதுவதாகச் சொல்லிவிடக்கூடும். முழு எண்ணில் அந்தச் சந்தேகமே இல்லை. 'மணி' என்ற தாளில் வகுப்பு, பாடவேளை, தொடக்கம், முடிவு என்று 12 வகுப்புக்கும் 8 பாடவேளைக்கும் 96 வரி எழுதி, அதிலிருந்து `SUMIFS` மூலம் எடுத்துக்கொண்டேன்.

```
=SUMIFS('மணி'!$C$2:$C$97,'மணி'!$A$2:$A$97,C2,'மணி'!$B$2:$B$97,B2)
```

இது H-க்கு. I-க்கு மணித் தாளின் C நெடுவரிசைக்குப் பதில் D நெடுவரிசை. J-யில் இப்போது இருப்பது இது:

```
=IF(E2="","",
 COUNTIFS($A$2:$A$483,A2,$E$2:$E$483,E2,
  $H$2:$H$483,"<"&I2,$I$2:$I$483,">"&H2)
 -IF(G2="",1,
 COUNTIFS($A$2:$A$483,A2,$E$2:$E$483,E2,
  $H$2:$H$483,"<"&I2,$I$2:$I$483,">"&H2,
  $G$2:$G$483,G2)))
```

கணித ஆசிரியர் கதையைப் போட்டுப் பாருங்கள். ஏழாம் வகுப்பு 620 முதல் 660, பத்தாம் வகுப்பு 585 முதல் 630. 585 என்பது 660-க்குக் கீழே, 630 என்பது 620-க்கு மேலே. இரண்டும் சரி, ஆக மோதல், இரண்டு வரியும் சிவக்கும். K-யில் அறைக்கும் இதே மாதிரி, E-க்குப் பதில் F. இந்தச் சூத்திரத்தில் எப்போதாவது -1 என்று வந்தால் பயப்படாதீர்கள், அது ஒரு தகவல். மணித் தாளில் அந்த வகுப்பும் பாடவேளையும் பொருந்தவில்லை, அதனால் H, I இரண்டும் 0 ஆகிவிட்டன, வரி தன்னைத்தானே கூட எண்ணிக்கொள்ளவில்லை என்று அர்த்தம். அந்த வரி யாருடனும் மோதாது, அதுதான் ஆபத்து. நான் -1-ஐ மஞ்சளாக்கி வைத்திருக்கிறேன்.

இதைப் போட்டதும் ஏழு ஜோடி புதிதாக வந்தன. ஒவ்வொன்றாக இடம் மாற்றித் தீர்த்தேன். தாள் எங்கே இடிக்கிறது என்று சொல்லும், எங்கே மாற்றலாம் என்று சொல்லாது. அது இன்னமும் மனித வேலைதான். அந்த மாற்றல் அவசரத்தில் 10ஆ-வின் ஒரு கணித வரியில் வேறு பாடத்தை எழுதிவிட்டு, எடுத்த கணிதத்தை வேறெங்கும் வைக்க மறந்துபோனேன். மோதல் பூஜ்யம், ஆனால் வாரத்துக்கு 6 வர வேண்டிய கணிதம் 5 மட்டும். யோசித்தால், எதுவுமே எழுதாத காலித் தாளிலும் மோதல் பூஜ்யம்தான். ஆகவே வகுப்பு, பாடம், வாரத்துக்கு வேண்டியது, பட்டியலில் உள்ளது என்று இன்னொரு சிறு தாள். இரண்டு எண்ணும் ஒத்துப்போகாத வரி சிவப்பு. ஒரு மோதலைத் தீர்த்தால் உடனே இந்தத் தாளையும் எட்டிப் பார்ப்பேன்.

ஆசிரியர்களுக்குக் கட்டம்தான் வேண்டும், நீளப் பட்டியலைக் கொடுத்தால் யாரும் படிக்கமாட்டார்கள். அதற்கு `FILTER`, `TEXTJOIN` இரண்டையும் வைத்துப் பட்டியலிலிருந்தே கட்டம் நிரம்பும்படி செய்தேன். கட்டத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்று பூட்டியும் விட்டேன். திருத்தம் என்றால் பட்டியலில் மட்டும்.

இத்தனைக்கும் பிறகும் எனக்குப் பயம் போகவில்லை. டாலர் இல்லாதபோதும், கெள வந்தபோதும், பாடவேளை எண்ணை நம்பியபோதும் தாள் அமைதியாகத்தான் இருந்தது. மோதல் இல்லாததால் அமைதியா, பார்க்கவே இல்லாததால் அமைதியா என்று எப்படித் தெரிவது? அதற்காகத்தான் மேலே எல்லை 483 வரை நீண்டது. பட்டியலின் முதல் வரியிலும் கடைசி வரியிலும் ஒவ்வொரு பொய் வரி சேர்த்தேன். நாள் 'சோதனை', ஆசிரியர் T99, அறை R99. ஒன்று 540 முதல் 580, மற்றது 570 முதல் 610, நேரத்தைக் கையால் எழுதியது. இவை எப்போதும் மோதும். புது வரி சேர்ப்பதென்றால் கடைசிப் பொய் வரிக்கு மேலே நுழைப்பேன், எல்லை தானாக நீளும். யாராவது சூத்திரத்தைக் கெடுத்தாலோ, எல்லை பாதியில் நின்றாலோ, இந்த ஜோடியில் ஒன்றாவது வெளுத்துவிடும். தாளின் உச்சியில் ஆசிரியர் மோதல், அறை மோதல் என்று இரண்டு எண்ணிக்கை இருக்கும்:

```
=COUNTIF($J$2:$J$483,">0")
```

இரண்டும் 2 என்று காட்ட வேண்டும். 4 என்றாலும் 5 என்றாலும் நிஜ மோதல். 0 அல்லது 1 என்றால் அன்று எதையும் அச்சடிக்கமாட்டேன். தலைமையாசிரியர் ஒருநாள் திரையைப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு போலயே, அதையும் முடிச்சுடுங்க" என்றார். அதுதான் சார் காவல் என்றேன். நம்பாமல் பார்த்துக்கொண்டே போனார்.